ஆறு வாரம் ஓடாமல் இருந்தபோது நாடித்துடிப்பு காட்டியதும் மறைத்ததும்

மூன்றரை வருடமாக ஒரே ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டு பெசன்ட் நகரில் ஓடுகிறேன். வயது 43. வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 35 கிலோமீட்டர் அளவில். இந்தக் காலத்தில் இரண்டு முறை ஓட்டம் அடியோடு நின்றுபோனது. முதல் முறை கணுக்கால் மடங்கி ஆறு வாரம். அடுத்த முறை டொரண்டோவில் தம்பி வீட்டில் மூன்று வாரம். இரண்டு முறையும் தினமும் எண்களைக் குறித்து வைத்தேன். ஓட்டத்தை நிறுத்தினால் உடம்பு எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதை அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதலில் என்ன அளந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், மல்லாந்து படுத்தபடியே ஒரு நிமிடம் நாடியைப் பிடித்து எண்ணுவேன். இதுதான் என் ஓய்வுத் துடிப்பு. வாட்ச் காட்டும் எண் இதைவிட இரண்டு மூன்று குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அது தூக்கத்தின் அடிமட்டத்தை எடுத்துக்கொள்கிறது. எதை வைத்துக்கொண்டாலும் சரி, இரண்டையும் கலக்கக் கூடாது. ஒரு நாள் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை, ஏழு நாள் சராசரிதான் கணக்கு. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரத்தில் துடிப்பு தானாகவே இரண்டு மூன்று கூடும். அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், நாலு வாரத்துக்கு முந்தைய அதே கட்டத்தோடு ஒப்பிடுகிறேன். இது புரிவதற்கு முன் ஒரு வருடம் முழுக்க தப்பான முடிவுகளுக்கு வந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது அளவு ஓடும்போது எடுப்பது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, ஷ்மிட் நினைவு மண்டபத்திலிருந்து ஒரே பாதையில், கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்ற ஒரே வேகத்தில் 5 கிலோமீட்டர். அன்று மட்டும் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை கட்டிக்கொள்வேன். கடைசி மூன்று கிலோமீட்டரின் சராசரித் துடிப்பைக் குறித்துக்கொள்வேன். நல்ல பயிற்சியில் இருக்கும்போது ஓய்வுத் துடிப்பு 54, இந்த ஓட்டத் துடிப்பு 142.

கணுக்கால் மடங்கியது அக்டோபர் மழையில். தண்ணீர் தேங்கிய நடைபாதையில் கல் பெயர்ந்து கிடந்தது தெரியவில்லை. அடுத்த நாலு நாள் ஓய்வுத் துடிப்பு 58, 59 என்று ஏறியது. பயிற்சி போய்விட்டது என்று அன்றைக்கே பதறினேன். ஆனால் அது வலியும் வீக்கமும் தூக்கக் கேடும் ஏற்றிய ஏற்றம். எட்டாம் நாள் 54க்கே இறங்கிவிட்டது. இரண்டாவது வாரச் சராசரி 55. அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவும் தப்பு. மூன்றாவது வாரம் 57, நாலாவது வாரம் 59, ஐந்தாவது வாரம் 61. ஆறாவது வாரமும் 61தான், அங்கேயே நின்றது. தினமும் ஏறுவதில்லை, மூன்று நாலு நாளைக்கு ஒரு துடிப்பு என்று நகர்கிறது. இந்த நிதானம்தான் முக்கியமான அடையாளம். நாலாவது வாரத்தில் ஒருநாள் காலை திடீரென்று 69 வந்தது. ஒரே இரவில் பத்து ஏறினால் அது பயிற்சி இழப்பாக இருக்க முடியாது. சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. அந்த நாலு நாளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன்.

துடிப்பு ஏன் ஏறுகிறது என்பது புரிந்த பிறகு என் பயம் பாதியாகக் குறைந்தது. சும்மா படுத்திருக்கும்போது என்னைப் போன்ற உடம்புக்கு நிமிடத்துக்கு 4.5 லிட்டர் ரத்தம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தை நிறுத்தினாலும் இந்தத் தேவை மாறாது. 54 துடிப்பில் அதை முடிக்க ஒரு துடிப்புக்கு 83 மில்லிலிட்டர் போக வேண்டும். 61 என்றால் 74 மில்லிலிட்டர் போதும். அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு ஒன்பதில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதயத் தசை அதற்குள் வலுவிழந்துவிடவில்லை. முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. ஓடும் உடம்பு பிளாஸ்மாவைக் கூடுதலாக வைத்திருக்கும், ஓட்டம் நின்றால் சில நாளிலேயே கழிக்கத் தொடங்கும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்தால் அது நிறையும் அளவும் குறையும், எனவே அடிக்கடி துடிக்க வேண்டியதாகிறது.

எட்வர்ட் காய்ல் என்ற உடலியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களின் பயிற்சியை நிறுத்தினார்கள். உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதத்துக்கு வந்து, பிறகு அங்கேயே நின்றது. 1986ல் வந்த இன்னொரு சோதனையில், பயிற்சியை நிறுத்தியவர்களின் ரத்த அளவைச் செயற்கையாகக் கூட்டிப் பார்த்தார்கள். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு கிட்டத்தட்ட பழையபடி ஆனது. ஆகவே முதல் சில வாரத்தின் இழப்பில் பெரும்பகுதி நீர்க்கணக்குதான். தசைக்குள் நடக்கும் இழப்பு தனி. ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் வாரக்கணக்கில் மெதுவாகச் சரியும். அதைத் திரும்பக் கட்டவும் வாரக்கணக்கில் ஆகும்.

இதற்கு நடுவில் வாட்சைப் பற்றி ஒன்று. ஆறு வாரமும் அதன் திரையில் VO2 Max, அதாவது உச்ச ஆக்சிஜன் அளவுக்கு வாட்ச் போடும் மதிப்பீடு, அசையாமல் நின்றது. அது ஓட்டத்தின் வேகத்தையும் துடிப்பையும் வைத்துக் கணக்கிடுகிறது. ஓட்டமே இல்லையென்றால் கணக்கிட என்ன இருக்கிறது? பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. நான் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகுதான் அது இறங்கியது, அதாவது உடம்பு தேறிக்கொண்டிருந்த நேரத்தில். இடைவெளிக் காலத்தில் அந்த எண்ணைப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை.

முதல் வாரம் அம்மா என்னைக் காலைத் தரையில் வைக்கவே விடவில்லை. பிசியோ பெண்தான் தடுத்தார். "அக்கா, கணுக்காலுக்குத்தான் ரெஸ்ட், உங்களுக்கு இல்லை. உட்காருங்க, கையை வேலை வாங்குங்க, படுத்தே கிடக்காதீங்க" என்றார். டல்லாஸில் 1966ல் நடந்த படுக்கை ஓய்வுச் சோதனையைப் பிறகு படித்தபோது அவர் சொன்னதன் எடை தெரிந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்தது. காய்ல் பார்த்த 7 சதவீதமும் மூன்று வாரத்துக்குத்தான். ஓடாமல் இருப்பதும் படுத்துக் கிடப்பதும் ஒன்றில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று திரும்பத் தொடங்கினேன். பத்து நாள் கழித்துப் பழைய பாதையில் சோதனை ஓட்டம், 3 கிலோமீட்டர் மட்டும். 142 இருந்த இடத்தில் 159. அன்று காலை வெப்பம் 24 டிகிரிதான். 142 எடுத்தது செப்டம்பர் புழுக்கத்தில். ஆகவே உண்மையான இழப்பு 17க்கும் மேலே. ஓய்வுத் துடிப்பு ஏழுதான் ஏறியிருந்தது, ஓட்டத்தில் வேறு கதை தெரிந்தது.

திரும்பும்போதும் இதே ஏமாற்று. நாலாவது வாரத்தில் ஓய்வுத் துடிப்பு 55க்கு வந்துவிட்டது. பிளாஸ்மா சீக்கிரம் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஓட்டத் துடிப்பு அன்றைக்கு 150. அது 143 ஆவதற்கு ஜனவரி கடைசி வரை, மொத்தம் ஒன்பது வாரம் ஆனது. காலையில் 55ஐப் பார்த்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று ஒரு ஞாயிறு 10 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு ஒத்துழைத்தது, கெண்டைக்கால் ஒத்துழைக்கவில்லை. குதிகாலுக்கு மேல் தசைநாண் இறுகி ஒரு வாரம் வலித்தது. தசைநாண் பழகுவதற்கு இதயத்தைவிட அதிக நாள் வேண்டும். அதைக் காட்டும் எண் எதுவும் வாட்சில் இல்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியில் குதிகால் இறுக்கம் இருக்கிறதா என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

டொரண்டோ பயணம் வேறு மாதிரி. ஏப்ரல் கடைசியில் கிளம்பும் முன் ஓய்வுத் துடிப்பு 54, ஓட்டத் துடிப்பு வெயில் காரணமாக 145. அங்கே குளிர். ஓட ஷூவே எடுத்துப் போகவில்லை. முதல் வாரம் ஓய்வுத் துடிப்பு 52க்கு இறங்கியது. ஓய்வு எடுத்ததால் உடம்பு தேறியிருக்கிறது என்று தோன்றும். பயிற்சியின் களைப்பு வடிந்ததும் குளிர்ந்த அறையும் சேர்ந்து இறக்கிய எண் அது. மூன்றாவது வாரம் 54.

கத்திரி நடுவில் சென்னையில் வந்து இறங்கினேன். முதல் ஐந்து நாள் 59. ஞாயிறு சோதனை ஓட்டத்தில் 161. மூன்று வாரத்தில் 16 துடிப்பு போய்விட்டதா? கணுக்கால் நாளில் ஆறு வாரத்துக்கே 17தானே என்று உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம் கிலோமீட்டர் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. டிசம்பரில் முதல் கிலோமீட்டரிலேயே துடிப்பு உயரத்தில் இருந்தது, பிறகு அதிகம் ஏறவில்லை. மே மாதத்தில் 150ல் தொடங்கி, அதே வேகத்தில் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஏறி 168ல் முடிந்தது. அப்படி ஏறிக்கொண்டே போவது பெரும்பாலும் சூட்டின் வேலை. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போகிறது, வியர்வையில் நீரும் போகிறது, இதயம் அந்த இரண்டையும் ஈடுகட்டுகிறது. வெயிலுக்குப் பழகிய உடம்பு குளிரில் மூன்று வாரம் இருந்தால் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

உறுதி செய்துகொள்ள ஏசி ஜிம்மில் டிரெட்மில்லில் அதே வேகத்தில் ஓடினேன். மழை நாட்களில் அங்கே எடுத்து வைத்த பழைய எண் 140. இப்போது 146. ஆக, பயிற்சி இழப்பு ஆறு. மீதிப் பத்து வெயிலும் பயணத் தூக்கக் கேடும். விடிகாலையில் மெதுவாக 30, 40 நிமிடம் என்று இரண்டு வாரம் வெளியில் ஓடியதும் சாலை எண் 150க்கு வந்தது. ஜூன் கடைசியில் 145.

போன டிசம்பரில் மறுபடியும் இரண்டரை வாரம் அங்கே போனேன். இந்த முறை தம்பியின் குடியிருப்பில் பன்னிரண்டு மாடிப் படிக்கட்டை வாரத்துக்கு இரண்டு நாள், பேச முடியாத அளவு வேகத்தில், இருபது நிமிடம் ஏறினேன். பயிற்சி நாட்களைக் குறைத்தாலும் கடுமையைக் குறைக்காவிட்டால் உச்ச ஆக்சிஜன் அளவு வாரக்கணக்கில் நிற்கும் என்று 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து டிரெட்மில்லில் பார்த்தேன், 141.