கணினி வடிவமைப்பின் முதல் வகுப்பில் ஒரு குவளை: டிங்கர்கேடா, ஆன்ஷேப்பா, ஓப்பன்ஸ்கேடா?

பள்ளி மாணவர்களுக்கு முப்பரிமாண வடிவமைப்பைத் தொடங்கிவைக்கக் கைப்பிடி வைத்த குவளை நல்ல பாடம். ஒரு உருளை, அதற்குள் ஒரு வெற்றிடம், பக்கத்தில் ஒட்டிய ஒரு வளையம் என்று மூன்றே வேலைகள். எந்த மென்பொருளில் செய்ய வைப்பது என்பதில்தான் ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். மூன்றிலும் குவளை வந்துவிடும். ஆனால் மாணவர் கற்றுக்கொள்வது மூன்றிலும் வேறு வேறு.

ஒப்பிட வசதியாக ஒரே அளவை வைத்துக்கொள்வோம். உயரம் 90 மி.மீ., வெளிவிட்டம் 80, சுவரும் அடியும் 4 மி.மீ. தடிமன். உள்ளே விட்டம் 72, ஆழம் 86. கொள்ளளவு ஏறத்தாழ 350 மில்லி. 45 நிமிட வகுப்பில் முதல் எட்டு நிமிடம் ஒரு நிஜக் குவளையை அளந்து தாளில் வரைவதற்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கேள்வி: விட்டத்தை மாற்றாமல் இதையே 250 மில்லி குவளையாக்கு. உள்வட்டத்தின் பரப்பு 4,072 சதுர மி.மீ. என்பதால் ஆழம் 61.4 போதும், அடியையும் சேர்த்தால் உயரம் 65.4. இந்தக் கேள்வியைக் கேட்காமல் வகுப்பை முடித்தால் மென்பொருள்களுக்கு இடையிலான வித்தியாசமே மாணவருக்குத் தெரியாமல் போகும்.

டிங்கர்கேட்: அடுக்கி, வெட்டி, சேர்ப்பது

உலாவியில் இலவசமாக ஓடுகிறது. ஆசிரியர் ஒரு வகுப்பை உருவாக்கிக் குறியீட்டைக் கொடுத்தால், மாணவர்கள் மின்னஞ்சல் இல்லாமல் புனைபெயரோடு நுழையலாம். முப்பது பேர் வகுப்பில் இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

Cylinder ஒன்றை இழுத்துப் போட்டு 80, 80, 90 என்று அளவு கொடுத்து, Sides என்பதை 64க்கு ஏற்ற வேண்டும். இல்லையென்றால் குவளை பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டாவது உருளைக்கு 72, 72, 90 கொடுத்து Hole ஆக்கி, Ctrl உடன் மேல் அம்பை நான்கு முறை அழுத்தினால் அது 4 மி.மீ. எழும். அந்த நான்குதான் குவளையின் அடி. பிறகு கைப்பிடிக்காக Torus என்ற வளையம் ஒன்றை 60 மி.மீ. அகலமாக்கி, 90 பாகை திருப்பி நிறுத்தி, அதன் மையம் குவளையின் நடு அச்சிலிருந்து 45 மி.மீ. வெளியேயும் தரையிலிருந்து 45 மி.மீ. மேலேயும் வரும்படி வைக்க வேண்டும். விரல் நுழைய ஏறத்தாழ 20 மி.மீ. இடம் கிடைக்கும்.

இரண்டு இடங்களில் வகுப்பு நிற்கும். முதலாவது Align. இரண்டு உருளைகளையும் மையப்படுத்தும்போது கிடைமட்டப் புள்ளிகளோடு செங்குத்துப் புள்ளியையும் மாணவர் அழுத்திவிடுவார். இரண்டும் 90 உயரம் என்பதால் துளை தரை வரை இறங்கிவிடும், குவளை குழாயாகிவிடும். மேலிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடாது, அடியிலிருந்து திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது Group வரிசை. உருளையையும் துளையையும் முதலில் சேர்த்துவிட்டு வளையத்தைப் பிறகு ஒட்டினால், வளையத்தின் ஒரு பகுதி குவளைக்குள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். மூன்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே Group செய்தால் துளை வளையத்தையும் சேர்த்து வெட்டிவிடும். தவறான வரிசையை முதலில் செய்ய விட்டு, உள்ளே எட்டிப்பார்க்கச் சொல்லி, பிறகு திருத்த வைப்பது நல்லது. வெட்டும் வரிசை ஏன் முக்கியம் என்று கண்ணாலேயே புரிந்துவிடும்.

250 மில்லி கேள்விக்குப் பெரும்பாலோர் சேர்த்த குவளையின் உச்சியைப் பிடித்து 65.4க்கு அமுக்குவார்கள். கொள்ளளவு 254 மில்லி, கிட்டத்தட்ட சரி. ஆனால் அடி 2.9 மி.மீ. ஆகியிருக்கும், கைப்பிடி நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். சரியாகச் செய்ய Ungroup செய்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். டிங்கர்கேடின் எல்லை இங்கேதான் இருக்கிறது: வடிவம் மட்டும் இருக்கிறது, அளவுகளுக்கு இடையிலான உறவு அதில் இல்லை.

ஆன்ஷேப்: வரைந்து, அளவு கட்டி, எழுப்புவது

இதுவும் உலாவியில் ஓடுவதுதான், கல்விக்கு இலவசம். ஒவ்வொரு மாணவருக்கும் மின்னஞ்சல் கணக்கு வேண்டும், அதை முந்தைய நாளே முடித்துவையுங்கள். 80 விட்டத்தில் ஒரு வட்டம், Extrude 90, மேல்முகத்தைத் தேர்ந்தெடுத்து, 4 மி.மீ. சுவர் விட்டு உள்ளே குடைய Shell 4. குவளையின் உடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வரைபடக் கோடு நீலமாக இருந்தால் அளவு பாக்கி, கறுப்பானால் முழுதும் கட்டப்பட்டது. இந்த நிறப் பாடம் ஒன்றுக்காகவே ஆன்ஷேப்பை மதிக்கலாம்.

கடினம் கைப்பிடியில். நடுவெட்டுத் தளத்தில் பாதையை வரைய வேண்டும்: சுவரிலிருந்து கிடைமட்டமாக வெளியே, கீழே, மறுபடி உள்ளே, மூலைகள் உருட்டி. பாதை தொடங்கும் இடத்தில் அதற்குச் செங்குத்தான ஒரு தளம் அமைத்து 10 மி.மீ. வட்டம் வரைந்து, அதைப் பாதை வழியே இழுத்து Sweep செய்ய வேண்டும். பாதை வெளிச்சுவரில், அதாவது மையத்திலிருந்து 40 மி.மீ.யில் முடியக் கூடாது. சுவர் வளைந்திருப்பதால் கைப்பிடியின் இரு ஓரங்களிலும் 0.3 மி.மீ. இடைவெளி விழும். 38 வரை, சுவரின் நடுப்பகுதிக்குள் நுழைய விடுங்கள்.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. கைப்பிடியைச் செய்த பிறகு Shell போட்டால் கைப்பிடியும் குடையப்பட்டு, அதற்குள் 2 மி.மீ. துவாரம் ஓடும். வெளியே எல்லாம் சரியாக இருக்கும். குறுக்குவெட்டுக் காட்சியில்தான் தெரியும்.

இப்போது 250 மில்லி. 90ஐ 65.4 ஆக்கினால் அடியும் சுவரும் 4 மி.மீ.யிலேயே நிற்கும். ஆனால் கைப்பிடியின் மேல்முனையைத் தரையிலிருந்து 70 என்று கட்டியவரின் குவளையில் அந்த முனை விளிம்புக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். விளிம்பிலிருந்து 20 கீழே என்று கட்டியவருக்கு அது தானாக இறங்கிவரும். எந்த அளவை எதிலிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான செய்முறை கிடைக்காது. ஆனால் ஒரே 45 நிமிடத்தில் இங்கே வந்து சேர முடியாது. இரண்டு பாடவேளைகள் தேவை.

ஓப்பன்ஸ்கேட்: எழுதிச் செய்வது

இலவசம், நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். மொத்தக் குவளையும் இவ்வளவுதான்:

```
h = 90; d = 80; t = 4;
$fn = 64;
difference() {
  union() {
    cylinder(h=h, d=d);
    translate([d/2+5, 0, h/2]) rotate([90,0,0])
      rotate_extrude() translate([25,0]) circle(d=10);
  }
  translate([0,0,t]) cylinder(h=h, d=d-2*t);
}
```

`h = 65.4` என்று மாற்றி F5 அழுத்தினால் வேலை முடிந்தது. கைப்பிடியின் இடம் `h/2` என்பதால் அது நடுவிலேயே இருக்கும். வழக்கமான தவறு `difference()` க்குப் பின் அரைப்புள்ளி போடுவது. அப்போது எதுவும் வெட்டப்படாது. உச்சியில் 4 மி.மீ. படியோடு அடைபட்ட உருளை ஒன்று தெரியும். கொஞ்சமாவது நிரல் எழுதியவர்களுக்கு இது இனிக்கும். மற்றவர்களின் நேரம் அடைப்புக்குறி தேடுவதிலேயே கழியும், குவளையைப் பற்றிய யோசனை பின்னுக்குப் போய்விடும்.

எதைத் தேர்வது

6 முதல் 8ஆம் வகுப்பு, ஒரே பாடவேளை என்றால் தயங்காமல் டிங்கர்கேட். அமுக்கியதால் மெலிந்த அடியைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். 9ஆம் வகுப்புக்கு மேல், இரண்டு பாடவேளை கிடைத்தால் ஆன்ஷேப். முதல் வேளையில் உடல், இரண்டாவதில் கைப்பிடி. அடல் டிங்கரிங் ஆய்வகம் போல 6 முதல் 12 வரை கலந்து உட்காரும் இடத்தில் எல்லோரும் டிங்கர்கேடில் தொடங்கட்டும். 250 மில்லி கேள்வியின்போது மட்டும் மேல்வகுப்பினரை ஆன்ஷேப்புக்கு நகர்த்தலாம். இணையம் நம்ப முடியாததாக இருந்து, மாணவர்கள் ஏற்கெனவே நிரல் பழகியிருந்தால் ஓப்பன்ஸ்கேட்.

அச்சடிப்பதானால் முப்பது முழுக் குவளைகளை எண்ண வேண்டாம், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் அச்சாகும். ஒன்றை மட்டும் அச்சிட்டு வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகும். அடுக்குகளின் இடுக்கில் அழுக்கும் தங்கும். அதில் பேனா வைக்கலாம், தேநீர் ஊற்ற வேண்டாம்.