தஹ்ஸீபும் அதபும்

லக்னோவின் உருதுவில் வழங்கும் தஹ்ஸீப், அதப் இரண்டையும் 'நாகரிகம்' என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்தால் பாதி கைநழுவிவிடும். அரபியில் தஹ்ஸீப் என்றால் செப்பனிடுதல். உருதுவில் அது ஒரு சமூகத்தின் பண்பாடு முழுவதையும் குறிக்கும். அதப் எதிரில் இருப்பவருக்குரிய மரியாதை. இலக்கியத்துக்கும் அதுவே பெயர். அதன் பன்மையான 'ஆதாப்' வணக்கச் சொல்லாகிவிட்டது. முரடனைப் 'பத்தஹ்ஸீப்' என்பார்கள். பெரியவரை எதிர்த்துப் பேசியவன் 'பேஅதப்'.

பேச்சில் அதபுதான் கடினமானது. 'ஆப்', அதாவது 'நீங்கள்' என்று அழைத்தால் மட்டும் போதாது. வினைச்சொல்லையும் ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும். அடுத்தவர் பேசுவது 'ஃபர்மானா', அதாவது அருளுவது. நான் பேசுவதோ 'அர்ஸ் கர்னா', விண்ணப்பிப்பது. உங்கள் வீடு 'தௌலத்கானா', செல்வ மாளிகை. என் வீடு மாடியே மூன்று இருந்தாலும் 'கரீப்கானா', ஏழைக் குடில்.

புதிதாகக் கற்பவர் இங்கேதான் சறுக்குவார். மிடுக்காக இருக்கிறதே என்று 'மே(ன்) ஃபர்மாதா ஹூ(ன்)' என்றால், 'நான் அருளுகிறேன்' என்று தன்னையே உயர்த்திக்கொண்டதாகிவிடும். யாரும் திருத்த மாட்டார்கள். அப்படித் திருத்துவதும் தஹ்ஸீப் அல்லவே! சற்று நேரம் கழித்து எதிரில் இருப்பவர், 'நானும் ஒன்று அர்ஸ் செய்யலாமா?' என்று மெல்லக் கேட்பார்.