கூலர் பம்பில் கெப்பாசிட்டர் போச்சு என்றால் நம்பாதீர்கள்

காங்கேயத்தில் எங்கள் வீட்டு டெசர்ட் கூலர் ஏப்ரல் மாதம் மக்கர் பண்ணியது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, பம்பும் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, ஆனால் பேடு காய்ந்து கிடக்கிறது. சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன். வந்த தம்பி மூடியைத் திறக்கும் முன்பே, "பம்பு கெப்பாசிட்டர் போயிருச்சுங்ண்ணா" என்றார்.

நானும் தலையாட்டினேன். நம் பக்கம் போர் மோட்டார் இல்லாத வீடு குறைவு. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீர் எடுக்கவில்லை என்றால், பெட்டியில் கெப்பாசிட்டரைப் பார் என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் ஏமாந்தேன்.

350 ரூபாய்க்குப் புது கெப்பாசிட்டர், வந்து போனதற்கு 250. நடுவில் பம்பைத் தூக்கி ரெண்டு தட்டு தட்டித் தொட்டிக்குள் வைத்தார். தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் மறுபடி அதே உறுமல். இந்த முறை, "தண்ணியில்லாம ஓடி காயில் எரிஞ்சுருச்சுங்ண்ணா" என்று 900 ரூபாய்க்குப் புது பம்பை மாட்டிவிட்டார். பழசை அவர் எடுத்துப்போகப் பார்த்தார். நான் விடவில்லை.

அதை மறுநாள் மோட்டார் வைண்டிங் வேலை செய்யும் பெரியப்பா பையனிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "கெப்பாசிட்டரா? இதுல அதுக்கு இடமே இல்லையேப்பா."

தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் இந்தச் சின்ன பம்பு வெறும் 18 வாட். உள்ளே ஒரு காயில், அதைச் சுற்றி ரெசின் ஊற்றி அடைத்திருக்கிறது. நடுக்குழியில் இம்பெல்லரோடு சேர்ந்த ஒரு காந்த உருளை. கரண்ட் வந்ததும் காந்தம் தானே சுற்ற ஆரம்பிக்கும், எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர் ஏறும். கெப்பாசிட்டருக்கு அங்கே வேலை கிடையாது. கூலரில் இருக்கும் கெப்பாசிட்டர் ஃபேன் மோட்டாருக்கு உரியது. ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றாலோ, மெதுவாகச் சுற்றினாலோதான் அதைச் சந்தேகப்பட வேண்டும். எங்கள் ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, நல்ல கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று, உறுமுகிறது என்றாலே காயிலில் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். காயில் அறுந்த பம்பு சத்தமே போடாது.

அண்ணன் பம்பின் முன்மூடியை நகத்தால் நெம்பி எடுத்து, இம்பெல்லரைப் பிடித்து இழுத்தார். லேசில் வரவில்லை. வந்தபோது காந்தத்தைச் சுற்றி வெள்ளை உப்பு, சுண்ணாம்பு அடித்த மாதிரி. அடியில் பேடிலிருந்து உதிர்ந்த நார் ஒன்று தண்டில் இறுகச் சுற்றியிருந்தது. எங்கள் போர் தண்ணீரின் லட்சணம் அப்படி. அந்தத் தம்பி தட்டியபோது உப்பு கொஞ்சம் உதிர்ந்து மூன்று நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாரை வெட்டி எடுத்து, காந்தத்தையும் தண்டையும் வினிகரில் அரை மணி நேரம் போட்டார். நுரைத்து விட்டுக்கொடுத்தது. குழியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். மாட்டிய பிறகு நான் விரலால் சுற்றிப் பார்த்தேன், ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டது. இன்னும் இறுகியிருக்கிறதோ என்று பயந்தேன். அது காந்தத்தின் இழுப்பாம், அப்படித்தான் இருக்குமாம். விரலுக்கு அசையவே இல்லை என்றால்தான் சிக்கியிருக்கிறது.

அப்படியானால் தண்ணீரில்லாமல் ஓடியது என்ற பேச்சு? அதற்கு அடையாளம் வேறு. தொட்டி காலியானால் இம்பெல்லர் சுற்றும், ஆனால் சீரான உறுமலாக இராது, கடகடவென்று ஆடும் சத்தம். உடனே நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நெடுநேரம் ஓடியிருந்தால் தண்டு நிற்கும் ஓட்டை தேய்ந்து கோணலாகியிருக்கும், பிளாஸ்டிக் உருகியிருக்கும், ரெசினில் விரிசல் விட்டிருக்கும். எங்கள் பம்பில் இதில் ஒன்றும் இல்லை. விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், தண்ணீரில் கரண்ட் இறங்கும். எதற்கும் தொட்டியில் கை வைக்கும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது.

பம்பு சத்தம் ஒழுங்காக இருந்தும் பேடு நனையாவிட்டால் பம்பிலிருந்து டியூபைக் கழற்றிப் பாருங்கள். அங்கே தண்ணீர் பீய்ச்சினால் அடைப்பு மேலே இருக்கிறது.

கடையில் போய்க் கேட்டேன். "புது கெப்பாசிட்டர் போட்டா ஃபேனுக்கும் நல்லதுதானுங்களே" என்று பதில் வந்தது. பணம் திரும்பவில்லை. 900 ரூபாய் பம்பு டப்பாவோடு பரண்மேல் கிடக்கிறது. பழசுதான் இப்போது ஓடுகிறது.