நாற்பது ட்ரேடுக்கு எது சரி: சராசரிச் சோதனையா, பூட்ஸ்ட்ராப்பா?

டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்து டாலர்-ராண்டில் ஒரே முறையை வைத்து 40 ட்ரேட் போட்டு, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றிலும் ரிஸ்க் 500 ராண்ட். கமிஷன் போகக் கையில் நின்றது 5,000 ராண்ட். "அண்ணா, இனி ஆயிரமாக்கிடுங்க" என்றான் தம்பி. ஆக்கலாமா என்று பார்க்க இரண்டு வழிகளையும் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு இதுதான்: 24 நஷ்டம், தலா 500. 14 லாபம், தலா 750. மீதி இரண்டில் ஒன்று 2,500, இன்னொன்று 4,000.

சராசரிச் சோதனை சட்டென்று முடிந்துவிடும். ஒரு ட்ரேடுக்குச் சராசரி 125 ராண்ட், அதன் திட்டப் பிழை ஏறக்குறைய 150. அதாவது உண்மையான சராசரி மைனஸ் 180 முதல் 430 வரை எங்கேயும் இருக்கலாம். இதே சராசரியும் இதே சிதறலும் தொடர்ந்தால், பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலக 230 ட்ரேட் வேண்டும். சரி, ஆனால் பலவீனம் எங்கே என்று இது காட்டுவதில்லை.

பூட்ஸ்ட்ராப் அதைக் காட்டியது; என் ஓட்டு அதற்கே. நாற்பது சீட்டில் நாற்பது முடிவுகளை எழுதி, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு, இப்படி நாற்பது முறை எடுப்பதுதான் இது. பத்தாயிரம் தடவை செய்வதைக் கணினியிடம் விட்டுவிடலாம்:

```python
import numpy as np
r = np.array([-500]*24 + [750]*14 + [2500, 4000])
s = np.random.choice(r, (10000, 40)).sum(axis=1)
print((s <= 0).mean())
```

விடை 0.2-ஐ ஒட்டி வந்தது. இதே ட்ரேடுகளிலிருந்து இப்படிச் சீட்டெடுத்தாலே ஐந்தில் ஒரு தடவை லாபம் காணாமல் போகிறது. அந்த 4,000 ராண்ட் சீட்டு ஒரு தடவைகூடக் கைக்கு வராமல் போகும் வாய்ப்பு 36 சதவீதம். நோட்டிலிருந்து அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் 1,000. இரண்டு பெரிய லாபத்தையும் எடுத்துவிட்டால் 1,500 நஷ்டம். முறை முழுக்க இரண்டே ட்ரேடின் தோளில் நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் நோட்டில் இல்லாத நஷ்டத்தை பூட்ஸ்ட்ராப் உண்டாக்கிக் காட்டாது. 2015 டிசம்பர் 9 இரவு தென்னாப்பிரிக்க நிதியமைச்சர் நெனே நீக்கப்பட்டதும் ராண்ட் சரிந்ததே, அப்படி ஒரு இரவில் நஷ்டத்தை நிறுத்தப் போட்ட ஸ்டாப் 500-இல் நிற்கும் என்று நம்ப முடியாது. என் நாற்பதில் அப்படி ஒரு இரவு இல்லை. ஒரே வாரத்தில் ஒரே செய்தியை நம்பிப் போட்ட ட்ரேடுகள் இருந்தால், சீட்டை ட்ரேட் கணக்கில் எடுக்காமல் வாரக் கணக்கில் எடுக்க வேண்டும். அதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. இன்னொன்று, ஸ்டாப்பின் தூரத்தை முடிவு செய்ய நான் பார்த்த முதல் 15 ட்ரேடும் இந்த நாற்பதில்தான் இருக்கின்றன. அவற்றைச் சான்றாக எண்ணுவது நியாயமில்லை, இரண்டு வழிகளிலும்.

ரிஸ்க்கை 500-லேயே வைத்திருக்கிறேன். புதிதாக 60 ட்ரேட் சேர்ந்ததும், அவற்றை மட்டும் போட்டு இதே நான்கு வரியை ஓட்டிப் பார்ப்பேன்.