ஃப்ரீசர் கறிக்கு ஐஸ் விடுவது எப்படி: சிங்க் மேடையா, தண்ணீரா, ஃப்ரிட்ஜா, மைக்ரோவேவா?

போன ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே தொடங்குகிறேன். பென்னாகரத்திலிருந்து அத்தை வீட்டார் எல்லோரும் வருவதாக இருந்தார்கள். இரண்டு நாள் முன்பே மூன்று கிலோ ஆட்டுக்கறி வாங்கி, கடைக்காரர் கொடுத்த கவரோடு அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். அன்று காலை ஆறு மணிக்கு எடுத்து சிங்க் பக்கத்து மேடையில் வைத்தேன். பதினோரு மணிக்குப் பார்த்தால் வெளிப்புறம் கொழகொழவென்று இளகியிருக்கிறது, நடுவில் கத்தி இறங்கவில்லை. பாதிப்பேர் வரவில்லை என்றதும் இளகிய பக்கத்தில் இரண்டு கிலோவை அறுத்துச் சமைத்துவிட்டு, மீதி ஒரு கிலோவை மறுபடி ஃப்ரீசருக்குள் தள்ளினேன். அடுத்த ஞாயிறு அதை எடுத்தபோது தட்டில் சிவப்பு நீர் தேங்கி நின்றது. வெந்த பிறகும் கறி நார் நாராக இருந்தது, சாப்பிட்ட இரண்டு பேருக்கு அன்று ராத்திரி வயிறு கலங்கியது. அந்தக் கறிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் எங்கே எங்கே தப்பு நடந்தது என்று கணக்குப் போட முடியும்.

ஐஸ் விடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, இது தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. ஐஸ் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், தண்ணீர் அதில் கிட்டத்தட்ட கால் பங்குதான் கடத்தும். அதனால் கறிக்கட்டியின் வெளிப்புறம் இளகியதும், அந்த ஈரமான அடுக்கே போர்வை மாதிரி நடுவைக் காக்கத் தொடங்கிவிடுகிறது. நடு கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் அறையின் சூட்டுக்கு ஏறுகிறது. 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். உறைபனியில் பெரும்பாலானவை சாவதில்லை, தூங்குகின்றன, அவ்வளவுதான்.

இதை வைத்து மேடையில் வைப்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். அறைச்சூட்டில் பச்சைக்கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை, வைகாசியில் அடுப்படிக்குள் 32 என்பது காலையிலேயே வந்துவிடும். ஒரு கிலோ கட்டி ஒரு மணி நேரத்தில் இளகவே இளகாது, அதனால் கோடையில் இந்த வழிக்கு இடமே கிடையாது. என் ஆடிக் கணக்கைப் பாருங்கள்: ஐந்து மணி நேரம் வெளியே இருந்ததில் கடைசி மூன்று மணி நேரம் மேற்புறம் நன்றாகச் சூடேறி இருந்தது என்று வைத்துக்கொண்டால், அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும் கிருமி ஒன்று அறுபத்து நான்காகிறது. நல்ல சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பவையும் உண்டு, அப்போது ஒன்று ஐந்நூறைத் தாண்டும். இரண்டு கிலோவை அன்றே கொதிக்க விட்டதால் தப்பித்தோம். மேலே சூடேறிய பாகம் ஒட்டியபடியே மீதி ஒரு கிலோ ஃப்ரீசருக்குள் போனதுதான் வினை.

இதற்கு நேர் எதிர், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. என் தீர்ப்பு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் ராத்திரியே யோசிக்க முடிந்தால் இதை மிஞ்சிய வழி இல்லை. உள்ளே 4, 5 டிகிரிதான் இருக்கும், அதனால் வெளிப்புறம் இளகினாலும் சூடேறாது, கிருமியும் சோம்பிக்கிடக்கும். நேரம்தான் விலை. ஒரு கிலோ கட்டிக்கு ஏறக்குறைய ஒரு நாள், என்னுடைய மூன்று கிலோ உருண்டை மாதிரி வைத்தால் இரண்டு நாள்கூட ஆகும். அரைக்கிலோவைக் கவரில் போட்டு விரல் கனத்துக்குத் தட்டையாக அமுக்கி உறைய வைத்திருந்தால் ராத்திரி வைத்ததைக் காலையில் எடுத்துவிடலாம். விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும், மேலே வைத்தால் கறிநீர் சொட்டி இட்லி மாவிலோ கீரையிலோ விழும், அதைத் துடைத்துவிட்டால் போச்சு என்று விடக்கூடிய விஷயம் இல்லை. இளகிய பிறகு ஆட்டுக்கறி ஃப்ரிட்ஜிலேயே மூன்று நாள் தாங்கும், கோழி, மீன், கொத்துக்கறி ஒன்றிரண்டு நாள்தான்.

அவசரத்துக்குத் தண்ணீர். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்துவதால் அரைக்கிலோ பாக்கெட் ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும், ஒன்றரைக் கிலோவுக்கு இரண்டு, மூன்று மணி நேரம். ஓட்டை இல்லாத கவரில் இறுகக் கட்டி முழுக்க மூழ்க வைக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். நேராகத் தண்ணீரில் போட்டால் கறி வெளுத்து ருசி போகும், சிங்க் முழுக்கக் கிருமியும் தெறிக்கும். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் அவை ‘குழாய்த் தண்ணீர்’ என்று சொல்வது குளிர்நாட்டுக் குழாயை. தண்ணீர் 21 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க உணவு விதி. நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், சித்திரையில் அது குளிப்பதற்குக் காய வைத்த மாதிரி இருக்கும். அதில் கறியை ஊற வைப்பது மேடையில் வைப்பதைவிட மோசம், அதே சூடு, இன்னும் வேகமாக ஏறும். அதனால் இங்கே இந்த வழி ஒரு மாற்றத்தோடுதான் வேலை செய்யும்: பானைத் தண்ணீரோ விடியற்காலையில் பிடித்து வைத்த தண்ணீரோ எடுத்து, ஒரு தட்டு ஐஸ் கட்டி போட்டு, அது கரைந்ததும் இன்னொரு தட்டு. கையை நனைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். இளகியதும் உடனே அடுப்புக்குப் போக வேண்டும், திரும்பி ஃப்ரிட்ஜுக்கு அனுப்பக் கூடாது.

வெந்நீரில் போடுவோர் உண்டு. மேலே பாதி வெந்து நடுவில் உறைந்தே இருக்கும், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மைக்ரோவேவ் வேகம்தான், அரைக்கிலோவுக்குள் இருந்தால் மட்டும் நான் பரிந்துரைப்பேன். அந்த அலைகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிற அளவுக்கு ஐஸ் பிடித்துக்கொள்வதில்லை, அதனால் முதலில் எங்கே இளகுகிறதோ அந்த ஓரம் மட்டும் மேலும் மேலும் சூடாகும், பக்கத்திலேயே ஐஸ் நிற்கும். மீன் துண்டில் இதைச் செய்தால் ஓரம் வெந்து வெள்ளையாகிவிடும். டீஃப்ராஸ்ட் பொத்தானில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் புரட்டி, இளகிய துண்டுகளைப் பிரித்து வெளியே வைத்துவிட வேண்டும். இதற்கும் அதே விதிதான், உடனே சமைத்தாக வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, யாரும் சொல்வதில்லை: ஐஸ் விடாமலே சமைப்பது. குழம்புக்கோ குக்கருக்கோ போகிற கறி என்றால், தனித்தனித் துண்டாக உறைய வைத்திருந்தால் நேராகப் போடலாம், வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். கட்டியாக இருப்பதைப் போடாதீர்கள், வெளியே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். பிரியாணிக்கும் வறுவலுக்கும் இது சரிப்படாது, நீர் விட்டு மசாலா பிடிக்காது.

சரி, மீதியை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா? இதற்கு ஒரே பதில் இல்லை, எப்படி இளகியது என்பதைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகி, வெளியே எடுக்கப்படாமல், தொட்டால் இன்னும் ஐஸ் நறநறவென்று இருந்தால் மறுபடி உறைய வைப்பதில் ஆபத்து குறைவு, ருசிதான் குறையும். மேடையிலோ தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளகியது என்றால் கூடாது. என் ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள்: மேற்புறத்தில் பெருகியவை ஃப்ரீசருக்குள் போனதால் சாகவில்லை. வீட்டு ஃப்ரீசர் கறியை மெதுவாகத்தான் குளிரச் செய்யும், அது உறைகிற நேரத்திலும் கொஞ்சம் பெருகியிருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி மேடை, அப்போது எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடுமே என்று என் அண்ணி கேட்டார். கிருமி போகும், ஆனால் சில கிருமிகள் முன்பே கறியில் விட்டுவிட்ட நச்சு கொதிநீரிலும் அழியாது. நார் நாராக ஆனதற்குக் காரணம் வேறு. மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் தசையின் செல்களைக் கிழிக்கும், இளகும்போது சாறு வெளியேறும். இரண்டு முறை என்றால் இரண்டு முறை கிழிசல். தட்டில் நின்ற சிவப்பு நீர் அதுதான், இரத்தம் இல்லை.

ஒரு வழி இருக்கிறது: இளகிய மீதியை அன்றே சமைத்து, ஆறியதும் சின்னச் சின்னப் பாத்திரத்தில் குழம்பாக உறைய வைத்துவிடுங்கள். அது பச்சையாகத் திரும்ப வைப்பது போல் இல்லை, வெந்ததால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

மீனுக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும், நம் மாவட்டங்களில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி அணை மீன், ஒகேனக்கல் மீன் என்றால் கட்லாவோ ரோகுவோ ஜிலேபியோ அன்று பிடித்ததாக இருக்கலாம், வீட்டில் ஒரு முறை உறைய வைத்தால் நியாயம். கடல் மீன் அப்படியில்லை. கடற்கரையிலிருந்து வண்டியில் வருகிறது, சில ஐஸில், சில உறைந்த நிலையில், உறைந்ததைக் கடையிலேயே ஐஸ் விட்டுப் பரப்பி வைப்பதும் நடக்கும். அதை வாங்கி நாம் ஃப்ரீசரில் வைத்தால் அதுவே இரண்டாம் முறை. ‘ஐஸ்ல வந்ததா, ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததாண்ணா?’ என்று கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் குழி நிற்பது, சதை அடுக்கடுக்காக விரிவது, தட்டில் நீர் தேங்குவது எல்லாம் ஏற்கெனவே உறைந்து இளகியதற்கோ நாள்பட்டதற்கோ அடையாளம், அதை அன்றே சமைத்துவிட வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றில் கூடுதல் பயம்: சூட்டில் கிடந்தால் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும், அது பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். வாசனையில் எதுவும் தெரியாமலும் போகலாம். காற்றை உறிஞ்சி இறுக்கமாகப் பொதிந்து வரும் மீன் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் இளக வைக்கும் முன் கவரைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் காற்றில்லாத இடத்தில் அந்தக் குளிரிலேயே வளரும் ஒரு நச்சுக்கிருமி உண்டு.

கடைசியாக, கரண்ட் போவது. நாம் ஊரில் இல்லாதபோது ராத்திரி முழுக்கக் கரண்ட் போய்வந்திருந்தால் கறி இளகி மறுபடி உறைந்தது நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. பாதியில் நின்றாலோ அடியில் கிடந்தாலோ ஃப்ரீசரில் இருப்பதும் இளகியிருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்று சொல்ல முடியாததால் பச்சை மீனையும் கறியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.