காய்ச்சல் கிராமத்துக் குறிப்பேட்டிலிருந்து எபி கர்வ் வரை: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

வீடுவீடாகப் போய் எழுதிய குறிப்பேடு மாலையில் மேசைக்கு வந்துவிடுகிறது. அதை ஆளுக்கொரு வரியான லைன் லிஸ்டாகவும், எந்த நாளில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று காட்டும் எபி கர்வுக்கான அட்டவணையாகவும் மாற்ற மூன்று வழிகள் உண்டு. குறிப்பிலிருந்தே நேரடியாகக் கோடு போட்டு எண்ணலாம். தாளில் ஆளுக்கொரு வரியாகப் பட்டியலிட்டுவிட்டு எண்ணலாம். அல்லது எக்செல் மாதிரி ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிச் சூத்திரத்தால் எண்ணலாம். வேகத்தில் இவை வேறுபடுவது பெரிய விஷயமில்லை. குறிப்பில் இருக்கும் தெளிவின்மையை ஒவ்வொன்றும் எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பிட ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம்.

"12 ஜூன். வீடு 14. அம்மா 35, காய்ச்சல் 3 நாள், மூட்டு வலி. பையன் 8, நேத்து முதல். தாத்தா 61, சில நாளா, இப்ப பரவாயில்ல."

மறுநாள் பள்ளிக்குப் போன இன்னொருவரின் நோட்டில்: "13 ஜூன். வீடு 14 பையன், 8 வயசு, காய்ச்சல் 2 நாள்."

இரண்டு நாள் வேலையில் இப்படி மொத்தம் 13 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம்: 12ஆம் தேதி 7, 13ஆம் தேதி 6.

நேரடியாகக் கோடு போடுவது

பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அவசரத்தில் எண்ணுபவர் கண்ணில் முதலில் படுவது பக்கத்தின் மேலே இருக்கும் தேதி. அப்படி எண்ணினால் கிடைப்பது 12இல் 7, 13இல் 6. இது களப்பணியாளர் நடந்த நாள்களின் கணக்கு. நோய் தொடங்கிய நாள்களைப் பற்றி இது எதுவுமே சொல்லவில்லை. வீடு 14 பையன் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறான், அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் எந்தக் கோடு யாருடையது என்று கோட்டில் எழுதியிருக்காது. மாலைக்குள் ஒரு தோராய எண் கேட்கிறார்கள் என்றால் இது போதும். எபி கர்வுக்கு இந்த வழியை ஒதுக்கிவிடலாம்.

தாளில் லைன் லிஸ்ட்

யாரைச் சேர்ப்பது என்ற வரையறையை முதலில் தாளின் தலையில் எழுத வேண்டும். உதாரணமாக: இந்தக் கிராமத்தில் வசிப்பவர், ஜூன் 1க்குப் பிறகு தொடங்கிய காய்ச்சல். அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு வரி. வீட்டுக்கு ஒரு வரி போட்டால் பிறகு பிரிக்க முடியாது.

| எண் | வீடு | வயது | பால் | தொடக்க நாள் | பார்த்த நாள் | அறிகுறி | தேதி எப்படிக் கிடைத்தது |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 14 | 35 | பெ | 10 ஜூன் | 12 ஜூன் | காய்ச்சல், மூட்டு வலி | "3 நாள்" |
| 2 | 14 | 8 | ஆ | 11 ஜூன் | 12 ஜூன் | காய்ச்சல் | "நேத்து". பள்ளிக் குறிப்பிலும் உண்டு |
| 3 | 14 | 61 | ஆ | தெரியாது | 12 ஜூன் | காய்ச்சல் | "சில நாளா" |

ரத்த மாதிரி, முடிவு, நோயாளியின் நிலை ஆகியவற்றுக்கும் பத்திகள் வேண்டும். ஆனால் "தேதி எப்படிக் கிடைத்தது" என்ற பத்திதான் இந்தப் பட்டியலின் முதுகெலும்பு. "3 நாள்" என்றால் இன்றையும் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்தால் தொடக்கம் ஜூன் 10, சேர்க்காவிட்டால் 9. இன்றை முதல் நாளாக எண்ணுவது என்று ஒரே விதி வைத்து, எல்லோரும் அதன்படியே கழிக்க வேண்டும். பள்ளிக் குறிப்பின் "2 நாள்" அந்த விதிப்படி 12ஐத் தருகிறது. வீட்டில் சொன்ன "நேத்து" 11ஐத் தருகிறது. நோய் தொடங்கிய நாளுக்கு அருகில், வீட்டார் வாயால் வந்த பதிலை வைத்துக்கொண்டு, முரண்பாட்டைக் குறித்துவிடுவது நல்லது. தாத்தாவுக்கு ஊகித்து ஒரு தேதி போடக் கூடாது. போய் "சந்தை நாளுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் பெரும்பாலும் தேதி கிடைத்துவிடும்.

"ஒரு வாரமா" என்ற பதில் தனி வகை. ஐந்து நாளுக்கும் ஒன்பது நாளுக்கும் மக்கள் அதையே சொல்வார்கள். இதைப் பிடிக்க, 12ஆம் தேதி பார்த்தவர்களையும் 13ஆம் தேதி பார்த்தவர்களையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். பார்த்த நாளோடு உச்சமும் ஜூன் 6இலிருந்து 7க்குச் சேர்ந்தே நகர்ந்தால், அந்த உச்சத்தை உண்டாக்கியது நோயல்ல, பேச்சுவழக்கு.

முப்பது, நாற்பது பேர் வரை தாள் தாராளமாகப் போதும். மின்சாரம் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். மறுநாள் ஐந்து தேதிகள் திருத்தப்பட்டால்தான் திண்டாட்டம்: அட்டவணையை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஸ்ப்ரெட்ஷீட்

பத்திகள் அதேதான். எண்ணுவதுதான் மாறுகிறது, அதிலும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. பிவட் டேபிள் நாலு கிளிக்கில் தேதிவாரியாக எண்ணித் தரும். ஆனால் யாருக்கும் தொடங்காத நாளை இயல்பாக அது காட்டாது, தேதிகள் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும். எனவே தேதிகளை முதலில் M பத்தியில் விடாமல் எழுதி, பக்கத்தில் எண்ணுவதையே பரிந்துரைப்போம். தொடக்க நாள் E பத்தியில் இருந்தால்:

```
=COUNTIF($E$2:$E$200,M2)
=COUNTIF($E$2:$E$200,"தெரியாது")
```

நம் மாதிரியில் இரட்டைப் பதிவை நீக்கினால் 12 பேர். அட்டவணை இப்படி வருகிறது:

| தொடக்க நாள் (ஜூன்) | பேர் |
|---|---|
| 1 | 0 |
| 2 | 1 |
| 3 | 0 |
| 4 | 0 |
| 5 | 0 |
| 6 | 0 |
| 7 | 1 |
| 8 | 3 |
| 9 | 3 |
| 10 | 2 |
| 11 | 1 |
| 12 | 0 |
| 13 | 0 |
| தெரியாது | 1 |

3 முதல் 6 வரையான பூஜ்யங்கள் இல்லாவிட்டால், 2ஆம் தேதி நோயாளி 7ஆம் தேதிக்காரருக்குப் பக்கத்திலேயே நிற்பார், ஒரே கொத்து போலத் தெரியும். இடைவெளி தெரியும்போது கேள்வியே மாறுகிறது. டெங்கு என்று சந்தேகித்தால், வைரஸ் கொசுவுக்குள் வளர்ந்து பரவத் தயாராகவே 8 முதல் 12 நாள் ஆகும், அதன்பின் மனித உடலில் 4 முதல் 10 நாள். ஆறு நாளில் ஒருவரிடமிருந்து இத்தனை பேருக்குப் போயிருக்க முடியாது. அவர் மூலம் அல்ல, வேறு காய்ச்சலாகவோ முன்பே தொற்றியவராகவோ இருக்கலாம்.

கடைசி இரண்டு பூஜ்யங்களை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். 12ஆம் தேதி போன வீட்டில் 13ஆம் தேதி யார் படுத்தார் என்று நமக்குத் தெரியாது. எனவே 12, 13 வரிகளின் அருகே "முழுமையில்லை" என்று எழுதிவிடுங்கள். அதைப் பார்த்து நோய் அடங்கிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

அட்டவணையில் வரி நாளுக்கு ஒன்றா, இரண்டு நாளுக்கு ஒன்றா என்பதற்கு, நோய் தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையான உறைகாலத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை எடுப்பது வழக்கம். டெங்குக்கு இரண்டு நாள் சரிவரும். நோய் இன்னதென்று தெரியாதவரை ஒரு நாளாகவே வைத்திருங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்ப்ரெட்ஷீட்டின் ஆபத்து சத்தமில்லாதது. மாதத்தை முன்னால் வைக்கும் கணினியில் 05/06/2025 என்று தட்டினால் மே 6 ஆகிவிடும். 13/06/2025 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக நிறுத்திவிடும், கணக்கிலும் வராது. அப்படிப்பட்டது கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும், `=ISNUMBER(E2)` FALSE என்று காட்டும். ஒரே பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் அம்மாவின் தேதி தாத்தாவுக்குப் போய்விடும், மொத்த எண்ணிக்கை மாறாததால் யாருக்கும் தெரியாது. வரிசைப்படுத்திய பிறகு மூன்று பேரை எடுத்துக் குறிப்பேட்டோடு ஒத்துப்பாருங்கள். முதலில் சொன்ன தேதிப் பிழையைப் பிடிக்க எளிய வழி, அட்டவணையின் கூட்டுத்தொகை 11 + 1 = 12, லைன் லிஸ்டின் வரிகளும் 12 என்று பார்ப்பது.

எங்கள் தேர்வு: களத்தில் குறிப்பேட்டுக்குப் பதிலாக மேலே உள்ள பத்திகள் போட்ட தாளையே கொண்டுபோங்கள், மாலையில் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுங்கள். நோயாளி எண்ணைத் தாளிலும் கோப்பிலும் ஒன்றாக வைத்தால், மறுநாள் தாத்தாவின் தேதி கிடைக்கும்போது ஒரே கட்டத்தைத் திருத்தினால் போதும்.