வெள்ளைக் கொக்குகளும் ஒரு உறுதிப் பத்தியும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளாக, நான் எடுக்கும் ஒவ்வொரு பறவைப் படத்துக்கும் ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் நிரப்பி வருகிறேன். பறவையின் பெயர், படத்தில் கண்ட அடையாளங்கள், படத்தில் தெரியாத அடையாளங்கள், குழப்பக்கூடிய வேறு இனம், கடைசியாக எவ்வளவு உறுதி என்ற எண். இந்த முறை எனக்கு எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்பதை வெள்ளைக் கொக்குகளை வைத்தே சொல்கிறேன். எல்லோரும் பார்க்கும் பறவை, எல்லோரும் சட்டெனப் பெயர் சொல்லும் பறவை, நான் மிக அதிகமாகத் தவறிய பறவையும் அதுதான்.

ஆசியாவின் பல பகுதிகளில் நான்கு வெள்ளைக் கொக்குகள் ஒரே நீர்நிலையில் நிற்கும்: சின்னக் கொக்கு, உண்ணிக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. இனப்பெருக்க காலம் அல்லாதபோது நான்கும் வெள்ளை. மற்ற பறவைகளில் நிறம் செய்யும் வேலையை இங்கே வடிவம் செய்ய வேண்டும். படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதும் ஓர் அடையாளம்தான். அமெரிக்கக் கண்டங்களில் எடுத்த படம் என்றால் நடுத்தரக் கொக்கைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

முதல் ஆண்டில் நான் நம்பியது அலகின் நிறத்தை. கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு, மஞ்சள் அலகு என்றால் மற்ற மூன்றில் ஒன்று. பெரும்பாலான மாதங்களில் இது சரியாகவே வரும். ஆனால் இனப்பெருக்க காலத்தில் பெரிய கொக்கின் அலகு கறுத்துவிடும், நடுத்தரக் கொக்கின் அலகும் அப்படியே. அந்த மாதங்களில் எடுத்த கறுப்பு அலகுக் கொக்குகளையெல்லாம் நான் சின்னக் கொக்கு என்று எழுதிவிட்டேன். பின்னால் அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது என்னை உறுத்தியது வேறொன்று. 'கண்ட அடையாளங்கள்' பத்தியில் 'கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம்' என்று எழுதியிருந்தேன். சின்னக் கொக்கின் மிகச் சிறந்த அடையாளம் அந்த மஞ்சள் பாதம்தான். ஆனால் படத்தைத் திறந்து பார்த்தால் பறவை முழங்கால் அளவு நீரில் நிற்கிறது, பாதமே தெரியவில்லை. சின்னக் கொக்கு என்று மனம் முடிவு செய்தவுடன், அதற்கு இருக்க வேண்டிய பாதத்தைக் கையே எழுதிவிட்டது.

மூன்றாவது பத்தி, அதாவது 'தெரியாத அடையாளங்கள்', அதற்குப் பிறகு சேர்த்ததுதான். இந்த நான்கு ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் இதையே மிக உயர்வாக மதிக்கிறேன். 'பாதம் மஞ்சள் இல்லை' என்பதும் 'பாதம் தெரியவில்லை' என்பதும் வேறு வேறு. முதலாவது சின்னக் கொக்கை விலக்குகிறது, இரண்டாவது எதையும் விலக்குவதில்லை. சேறு பூசிய பாதமும் இரண்டாவது வகையில்தான் சேரும்.

இனி ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம். ஆழமில்லாத நீர், ஓரத்தில் கோரைப்புல், நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு. மஞ்சள் அலகு, நுனியில் மட்டும் கறுப்பு, கறுத்த கால்கள், கழுத்து உள்ளிழுத்தபடி. அன்று நான் எழுதியது: 'பெரிய கொக்கு, 95'. எழுதியதற்குக் காரணம், புல்லுக்கு அருகே அது பெரிதாகத் தெரிந்தது.

எனக்கு மூத்த ஒரு பறவை நோக்கர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது நடுத்தரக் கொக்கு இல்லை என்று சொல்ல வைக்கிற ஒரே ஒரு குறியைக் காட்டுங்கள்."

"அளவு பெரிதாக இருக்கிறதே அண்ணா."

"எதற்குப் பக்கத்தில் பெரிது?"

பதில் இல்லை. பெரிய கொக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், சின்னக் கொக்கு 60 சென்டிமீட்டர் அளவு. இரண்டும் அருகருகே நின்றால் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தனியாக நிற்கும் பறவையின் படத்தில் அளவு என்று ஒன்று கிடையாது. கோரைப்புல் எவ்வளவு உயரம் என்று யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து, பக்கத்தில் அதே தூரத்தில் தெரிந்த இனத்துப் பறவை நின்றாலொழிய அளவை நான் அடையாளமாக எழுதுவதில்லை.

அலகின் நீளத்தைப் பார்க்கலாமே என்று அடுத்து தோன்றியது. பெரிய கொக்கின் அலகு நீண்டது, ஈட்டிபோல் இருக்கும். நடுத்தரக் கொக்குக்குக் குட்டையானது, தலையும் சற்று உருண்டையாகத் தெரியும். இந்தப் படத்தில் அலகு குட்டையாகத்தான் இருந்தது. ஆனால் தலை கேமராவின் பக்கம் திரும்பியிருந்தது. பக்கவாட்டிலிருந்து 45 பாகை திரும்பினால் அலகு படத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீளமாகவே விழும். அந்தச் சாய்வில் பெரிய கொக்கின் அலகையும் நடுத்தரக் கொக்கின் அலகாகக் காட்டிவிடலாம். ஆகவே அலகின் நீளத்தையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

மிஞ்சியது வாய்க்கோடு. அலகின் இரு பகுதிகளும் சேரும் கோடு கண்ணை நோக்கிப் பின்னால் ஓடும் அல்லவா, அது எங்கே முடிகிறது என்பதுதான் இந்த இரண்டையும் பிரிக்கும் குறி. பெரிய கொக்கில் அந்தக் கோடு கண்ணுக்குக் கீழே ஓடி, கண்ணைத் தாண்டிப் பின்னால் ஒரு கூர் முனையாக முடியும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். கோடும் கண்ணும் அருகருகே இருப்பதால் தலை கொஞ்சம் திரும்பினாலும் ஒன்றுக்கொன்று அவற்றின் நிலை அதிகம் மாறுவதில்லை. அலகின் நீளத்தைவிட இதை நான் நம்புவது அதனால்தான்.

அந்த முதல் படத்தில் கோடு தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணே நான்கைந்து புள்ளிகள்தான். அதன் கீழே கறுப்பாகத் தெரிந்தது கோடா நிழலா என்று பிரிக்க வழியில்லை. ஆனால் அதே பறவையைச் சில நொடிகள் கழித்து இன்னும் சில முறை எடுத்திருந்தேன். ஒன்றில் தலை முழுப் பக்கவாட்டில், கண் தெளிவாக இருந்தது. கோடு கண்ணுக்குக் கீழே வந்து நின்றது, அதற்குப் பின்னால் வெள்ளை இறகு மட்டுமே. மற்றொன்றில் கழுத்தை நீட்டியிருந்தது. பெரிய கொக்கின் கழுத்தில் முழங்கை மடித்ததுபோல் ஓர் ஒடிவு தெரியும், இதில் கழுத்து மென்மையாக வளைந்திருந்தது. நீளமும் உடலைவிட மிஞ்சவில்லை.

திருத்திய பதிவு இது: 'நடுத்தரக் கொக்கு. கண்டவை: வாய்க்கோடு கண்ணின் கீழே முடிகிறது, கழுத்தில் ஒடிவு இல்லை, அலகு நுனி கறுப்பு. தெரியாதவை: பாதம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பறவை. போட்டி இனம்: பெரிய கொக்கு. உறுதி: 80.' உண்ணிக் கொக்குக்கும் அலகு மஞ்சள்தான். ஆனால் அதன் அலகு இன்னும் குட்டை, கழுத்து தடிப்பு, தாடைக்குக் கீழே இறகு உப்பித் தொங்கும். பக்கவாட்டுப் படத்தில் அந்த உப்பல் இல்லாததால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை.

80 ஏன், 95 ஏன் இல்லை? வாய்க்கோடு தெளிவாகத் தெரிந்தது ஒரே ஒரு படத்தில். கழுத்தின் ஒடிவு பறவை நிற்கும் நிலையைப் பொறுத்தது, பெரிய கொக்கும் சில கணங்கள் அதை மறைத்துவிடும். நுனிக் கறுப்பு நடுத்தரக் கொக்கில் அடிக்கடி காண்பது என்றாலும், நிறம் மாறிக்கொண்டிருக்கும் பெரிய கொக்கின் அலகிலும் கறுப்பு மிச்சம் இருக்கலாம். மூன்று குறிகள் இருக்கின்றன என்றாலும் தனியாக நின்று தாங்கக்கூடியது ஒன்றுதான். அந்த ஒன்று இரண்டு படங்களில் தெளிவாகக் கிடைத்திருந்தால் 95 எழுதியிருப்பேன்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 73, 88 என்றெல்லாம் எழுதினேன். 73-க்கும் 75-க்கும் என்ன வேறுபாடு என்று என்னாலேயே சொல்ல முடியாதபோது அதை எழுதுவது நேர்மையில்லை. இப்போது மூன்றே எண்கள். 95 என்றால் இப்படிப்பட்ட இருபது பதிவுகளில் ஒன்று தவறலாம். 80 என்றால் ஐந்தில் ஒன்று. 60 என்றால் இந்தப் பக்கம் சாய்கிறேன், அவ்வளவே. அதற்கும் கீழே என்றால் இனத்தின் பெயரே எழுதுவதில்லை, 'வெள்ளைக் கொக்கு வகை' என்று நிறுத்திக்கொள்கிறேன். அப்படி நிறுத்தியதும் சரியான அடையாளம்தான் என்பதை ஏற்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

இந்த எண்கள் உண்மையாக இருக்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கிறேன். ஒரே பறவையைப் பல முறை எடுத்த தொகுதிகளில், மிகத் தெளிவான படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, சுமாரான ஒன்றை மட்டும் பெயர் மறைத்துப் பார்த்து எழுதுகிறேன். பிறகு தெளிவான படத்தோடு ஒப்பிடுகிறேன். முதல் சோதனையில் 95 என்று எழுதிய இருபதில் நான்கு தவறு. அதாவது நான் 95 என்று நினைத்தது உண்மையில் 80. நான்குமே நடுத்தரக் கொக்கைப் பெரிய கொக்கு என்று எழுதியவை, நான்கிலும் காரணம் 'அளவு'. அளவை நீக்கிய பிறகு அடுத்த சோதனையில் இருபதில் ஒன்றுதான் தவறியது.

இந்த முறையின் குறைகளையும் மறைக்கவில்லை. நேரம் பிடிக்கும். ஒரு காலைப்பொழுதில் எடுத்த படங்களுக்கு மாலை முழுதும் போய்விடும். கூட்டமாகப் பறக்கும் கொக்குகளுக்கு இது பயன்படுவதில்லை, ஒவ்வொன்றின் வாய்க்கோட்டையும் யாரும் பார்க்க முடியாது. படமே கெட்டுப்போனால் பத்திகள் காப்பாற்றாது. வெயிலில் வெள்ளை இறகு வெளிறி, முகத்தின் விளிம்பையே தின்றுவிடும். அதனால் கொக்கு என்றால் கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் முதல் ஒரு படி குறைத்தே எடுக்கிறேன். மாலை வெளிச்சத்தில் எல்லா அலகும் மஞ்சளாகும். உடலின் வெள்ளையே மஞ்சளடித்திருந்தால் அலகின் நிறத்தை 'தெரியாதவை' பத்திக்குத் தள்ளிவிடுகிறேன்.

போன வாரம் எடுத்த ஒரு படம் இன்னும் மேசையில் இருக்கிறது. கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் நீருக்குள். அலகு மெல்லியது, கழுத்து குட்டை. சின்னக் கொக்கு, 80. ஒரு காலைத் தூக்கும் வரை காத்திருந்தேன், தூக்குவதற்குள் பறந்துவிட்டது.